ஸ்லிம்மிங் டீக்குள் ஒரு பேதி இலை

தூத்துக்குடி மாவட்டத்தின் சாத்தான்குளம் வட்டாரத்தில், மழையை மட்டும் நம்பிய செம்மண் காடுகளில், இடுப்பளவு உயரத்தில் மஞ்சள் பூப் பூத்து நிற்கும் ஒரு செடி உண்டு. பார்த்தால் ஆவாரைக்குத் தங்கை போல இருக்கும். உண்மையிலேயே இரண்டும் ஒரே பேரினம்தான். சித்த மருத்துவர்கள் இதை நிலாவாரை என்றும் நிலவாகை என்றும் சொல்கிறார்கள். வியாபாரிகளுக்கு இது சென்னா. விதைத்த இரண்டு மூன்று மாதத்தில் முதல் பறிப்பு. பறித்த இலையைப் பச்சை மங்காதபடி நிழலில் உலர்த்தி, தரம் பிரித்து, பொதியாக்கித் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேற்றுகிறார்கள். உலகச் சந்தையில் இதன் பெயர் ‘டின்னவெலி சென்னா’. திருநெல்வேலியை வெள்ளைக்காரர்கள் உச்சரித்த விதம் அப்படியே நிலைத்துவிட்டது.

இந்த இலையின் பெரும்பகுதி மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. மலச்சிக்கல் மாத்திரைக்கான மூலப்பொருள் இது. இன்னொரு பகுதி போகும் இடம்தான் இங்கே கதை. புதினாவும் இஞ்சியும் எலுமிச்சம்புல்லும் கலந்து, பேஸ்டல் நிறப் பொட்டியில் அடைத்து, ‘நைட் கிளென்ஸ்’, ‘பெட்டைம் டீடாக்ஸ்’, ‘ஃபிளாட் டம்மி’ என்ற பெயர்களோடு விற்கப்படும் தேநீர்ப் பைகளுக்குள் அது போகிறது. கிலோவுக்குச் சில நூறு ரூபாய்கூடப் பெறாத இலை, பையில் ஏறியதும் ஒரு கப்புக்கே பல பத்து ரூபாய் ஆகிவிடுகிறது. வாங்கிக் குடிப்பவருக்கு அது மூலிகைத் தேநீர். உள்ளே நடப்பது என்னவோ நம் வீடுகளில் பாட்டி காலத்தில் மாதம் ஒருமுறை கொடுத்த பேதி மருந்தின் வேலைதான். பாட்டி ஒருநாள் கொடுத்து நிறுத்திவிடுவார். இந்தப் பொட்டி 28 நாள் குடிக்கச் சொல்கிறது.

முதலில் இலை செய்யும் வேலையைப் பார்த்துவிடலாம். அது தெரிந்தால் பொட்டியின் மேல் எழுதியிருப்பதில் பாதி தானாகவே விளங்கும்.

நிலாவாரை இலையில் சென்னோசைடு என்ற பொருள் இருக்கிறது. நல்ல இலையில் எடையில் சுமார் இரண்டரை சதவீதம். இது வயிற்றிலும் சிறுகுடலிலும் ஒன்றும் செய்யாமல், உறிஞ்சப்படாமல் கடந்து போகும். பெருங்குடலை அடைந்ததும் அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைக்கின்றன. உடைந்து வரும் பொருள்தான் குடலின் சுவரைச் சீண்டி வேகமாகச் சுருங்கி விரிய வைக்கிறது. கூடவே பெருங்குடல் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சுவதையும் தடுக்கிறது. இத்தனையும் நடக்க ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்குக் குடித்தால் காலை ஆறு மணிக்கு வயிறு முறுக்கும். ‘தூங்கும்போது உடலைச் சுத்திகரிக்கும் இரவுத் தேநீர்’ என்ற விளம்பரத்தின் அறிவியல் இவ்வளவுதான். நேரம் பார்த்துத்தான் அதை இரவுத் தேநீர் ஆக்கியிருக்கிறார்கள்.

இதில் எடை குறைப்பதற்கு ஏதாவது இருக்கிறதா? உணவிலிருந்து கொழுப்பும் மாவும் புரதமும் உடலுக்குள் போவது பெரும்பாலும் சிறுகுடலில். பேதி இலை வேலை செய்வது அதற்கு அப்புறம், பெருங்குடலில். பிரியாணியின் கலோரி எல்லாம் உள்ளே போய்ச் சேர்ந்த பிறகு மிச்சத்தைத்தான் இது வெளியேற்றுகிறது. 1983-இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் இதை அளந்தே பார்த்தார்கள். சாப்பிட்டதைப் பேதி மருந்தால் வெளியேற்றும் பழக்கம் கொண்ட பெண்களை ஆய்வுக்கு உட்படுத்தினார்கள். லிட்டர் கணக்கில் வயிற்றுப்போக்கு ஏற்பட்ட நிலையிலும் உறிஞ்சப்பட்ட கலோரியில் சுமார் 12 சதவீதம்தான் குறைந்தது. அவ்வளவு கடுமையான பேதிக்கே இந்தக் கணக்கு என்றால், ஒரு கப் டீக்கு எவ்வளவு இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் எடை மெஷின் குறைத்துத்தான் காட்டும். அதுதான் இந்த வியாபாரத்தின் உயிர். ஒரு லிட்டர் தண்ணீர் போனால் ஒரு கிலோ குறையும். மலம் வெளியேறினால் வயிறும் கொஞ்சம் தட்டையாகத்தான் தெரியும். முதல் வாரத்தில் ஒன்றரை கிலோ இறங்கியதைப் படம் பிடித்துப் போடுகிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு கிலோ உடற்கொழுப்பைக் கரைக்கச் சுமார் 7,700 கலோரி குறைய வேண்டும். காலையில் இரண்டு முறை கழிப்பறைக்குப் போய் வந்ததில் அது நடந்திருக்க வழியில்லை. இரண்டு நாள் நன்றாகத் தண்ணீர் குடித்தால் அந்த ஒன்றரை கிலோ பத்திரமாகத் திரும்பிவிடும்.

இனிப் பொட்டியைத் திருப்புவோம். பெரிய எழுத்தில் இருக்கும் முன்பக்கத்தில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. பின்பக்கத்தில், பார்கோடுக்கு அருகில், எறும்பு வரிசைபோல் போகும் உட்பொருள் பட்டியல்தான் பொருள் உள்ள இடம்.

‘சென்னா’ என்று நேராக எழுதியிருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். பல பொட்டிகளில் தாவரவியல் பெயர் மட்டும் இருக்கும்: சென்னா அலெக்சாண்ட்ரினா, கேசியா அங்குஸ்டிபோலியா, கேசியா சென்னா, கேசியா அகுடிபோலியா. நான்கும் ஒரே செடிக்குக் காலத்துக்குக் காலம் வைத்த பெயர்கள். வட இந்தியத் தயாரிப்பு என்றால் சனாய், சோனாமுகி, ஸ்வர்ணபத்ரி. வளைகுடாவிலிருந்து வந்தால் சனா மக்கி. இந்தோனேசிய டீயில் ‘டவுன் ஜாத்தி சீனா’; தாய்லாந்துப் பொட்டியில் ‘மக்காம் கேக்’; சீனத் தயாரிப்பில் ‘ஃபேன் ஷியே யே’ அல்லது லத்தீனில் ‘ஃபோலியம் சென்னே’. கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ கடைத்தெருவில் வாங்கும் தமிழர் இந்த மூன்று நான்கு பெயர்களையாவது நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பெரிய பட்டியலாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பொட்டியில் இவற்றில் ஒன்றுதான் இருக்கும்.

நிலாவாரை இல்லாத டீயிலும் அதே குடும்ப வேலையைச் செய்யும் வேறு சரக்குகள் வரும். கஸ்காரா சக்ராடா என்ற அமெரிக்க மரப்பட்டை, பக்தார்ன் அல்லது ஃப்ராங்குலா பட்டை, ருபார்ப் எனப்படும் இரேவல்சின்னிக் கிழங்கு, கற்றாழையின் மஞ்சள் பாலை உலர்த்திய கரியபோளம். நான்கும் பெருங்குடலைச் சீண்டுபவைதான். கற்றாழைப் பாலையும் கஸ்காராவையும் மலச்சிக்கல் மருந்தாகக் கடையில் விற்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2002-இல் நிறுத்தியது. பாதுகாப்பானவை என்று காட்டும் ஆய்வுகளைக் கம்பெனிகள் தரவில்லை. மருந்தாக விற்க முடியாதது உணவுத் துணைப்பொருள் என்ற பெயரில் தொடர்ந்து விற்கப்படுவது அந்த நாட்டுச் சட்டத்தின் விசித்திரங்களில் ஒன்று.

பெயரைக் கண்டுபிடித்தாயிற்று. எவ்வளவு இருக்கிறது? இதைத்தான் பொட்டி சொல்லாது. ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டால் அருகில் போய்விடலாம்.

சந்தையில் சகஜமாகக் கிடைக்கும் மாதிரியில் ஒரு பொட்டியை எடுத்துக்கொள்வோம். 15 பைகள், நிகர எடை 22.5 கிராம். அப்படியென்றால் ஒரு பையில் ஒன்றரை கிராம். உட்பொருள் பட்டியலில் ஐந்து பெயர்கள்: சென்னா இலை, அதிமதுரம், இஞ்சி, புதினா, எலுமிச்சம்புல். உட்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசைப்படுத்தித்தான் அச்சிட வேண்டும் என்பது இந்தியா உட்படப் பல நாடுகளில் விதி. ஐந்தில் முதலாவதாக நிற்பது எப்படிப் பார்த்தாலும் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைய முடியாது. ஆகவே சென்னா குறைந்தபட்சம் 0.3 கிராம். பாதிக்கு மேலும் இருக்கலாம். ஒரு கிராமே இருந்தாலும் பட்டியல் இதேபோலத்தான் இருக்கும்.

இரண்டரை சதவீதக் கணக்கில் 0.3 கிராம் இலையில் 7.5 மில்லிகிராம் சென்னோசைடு. ஒரு கிராமில் 25 மில்லிகிராம். பிரிட்டனில் மருந்துக் கடையில் விற்கும் சென்னா மாத்திரை ஒன்றில் இருப்பது 7.5 மில்லிகிராம், அமெரிக்காவில் 8.6. பெரியவர்களுக்கு மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் அளவு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 15 முதல் 30 மில்லிகிராம். இலையில் இருப்பது முழுவதும் வெந்நீரில் இறங்கிவிடாது என்பதால் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். அப்படியும் அந்தக் கோப்பையில் இருப்பது ஒரு மாத்திரையா மூன்று மாத்திரையா என்பது குடிப்பவருக்குத் தெரியாது. ஐந்து நிமிடம் ஊற வைத்தவருக்கும், நல்லதுதானே என்று கால் மணி நேரம் ஊற வைத்துப் பையைப் பிழிந்தவருக்கும் ஒரே டோஸ் கிடைக்காது. மாத்திரையில் இந்தக் குழப்பம் இல்லை. அதன் அட்டையில் மில்லிகிராம் அச்சிடப்பட்டிருக்கிறது.

அளவைவிட முக்கியமானது நாள் கணக்கு. ஐரோப்பிய மருந்துகள் முகமை சென்னா இலைக்கு எழுதிய வழிகாட்டுதலில், மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் ஓரிரு வாரத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறையே பொதுவாகப் போதும் என்றும், பன்னிரண்டு வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம் என்றும், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் பரிந்துரைக்கவில்லை என்றும் சொல்கிறது. டீப்பொட்டியின் 28 நாள் ‘புரோகிராம்’ அந்த வரம்பைத் தாண்டித்தான் தொடங்குகிறது. ‘ஒருநாள் விட்டு ஒருநாள் குடிக்கவும்’ என்ற ஒரு வரி சில பொட்டிகளில் இருக்கும். ஏன் ஒருநாள் விட வேண்டும் என்ற காரணம் மட்டும் பக்கத்தில் இருக்காது.

இந்தப் பட்டியலில் இரண்டாவதாக நிற்கும் அதிமதுரத்தையும் சும்மா விட முடியாது. நிலாவாரையின் குமட்டும் கசப்பை மறைக்க அதைச் சேர்க்கிறார்கள். அதிமதுரம் தொடர்ந்து அதிகமாக உள்ளே போனால் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். பேதியும் பொட்டாசியத்தைத்தான் வெளியேற்றுகிறது. இரண்டும் ஒரே கோப்பையில் சேரும்போது இழப்பு இரு வழியிலும் நடக்கிறது.

பொட்டாசியம் குறைந்தால் முதலில் தெரிவது களைப்பு, கெண்டைக்கால் பிடிப்பு, கைகால் தளர்ச்சி. ‘டயட்ல இருக்கேன், அதான் டயர்டா இருக்கு’ என்று அதை எளிதில் ஒதுக்கிவிடுவார்கள். இன்னும் குறைந்தால் இதயத் துடிப்பின் தாளம் தப்பும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிய வைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், இதயத்துக்கு டிகாக்சின் எடுத்துக்கொள்பவர்கள் இந்த டீயைத் தொடவே கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். கடுமையான வயிற்றுப்போக்கு இருந்தால் கருத்தடை மாத்திரையும் சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். எடை குறைக்க டீ குடித்து, எதிர்பாராமல் கர்ப்பமானதாகச் சொல்லும் பெண்கள் சிலர் மேலைநாட்டுச் செய்திகளில் வந்திருக்கிறார்கள்.

பல மாதம் குடித்தவர்களின் பெருங்குடலுக்குள் மருத்துவர் கேமரா விட்டுப் பார்த்தால், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய உட்சுவர் சிறுத்தையின் தோல்போலக் கரும்பழுப்பாகப் புள்ளி போட்டிருக்கும். மெலனோசிஸ் கோலை என்று அதற்குப் பெயர். அதனால் பெரிய ஆபத்து என்று நிரூபணமாகவில்லை. நிறுத்திய சில மாதங்களில் நிறம் பழையபடி ஆகிவிடும். ஆனால் நோயாளி ‘நான் எந்த மாத்திரையும் சாப்பிடுவதில்லை’ என்று சத்தியம் செய்யும்போது, ‘மூலிகை டீ ஏதாவது?’ என்று கேட்க மருத்துவருக்கு இந்தக் கறுப்பு ஒரு துப்பு.

அமெரிக்காவில் இந்த விவகாரம் புதியதல்ல. 1995-இலேயே உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு ஒன்று ‘டயட் டீ’க்களைப் பற்றி விவாதித்தது. நான்கு இளம் பெண்களின் இறப்பில் இத்தகைய டீக்களுக்குப் பங்கு இருந்திருக்கலாம் என்ற கவலை அதன் பின்னணி. அவர்கள் உணவுப் பழக்கக் கோளாறோடும் போராடியவர்கள் என்பதால் டீதான் காரணம் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. கலிபோர்னியா மாநிலம், சென்னா கலந்த பொருளில் ‘வயிற்றுப்போக்கோ வயிற்று வலியோ வந்தால் நிறுத்தவும்’ என்ற பொருளில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று விதித்திருக்கிறது. மற்ற இடங்களுக்காக அச்சிடும் பொட்டியில் அந்த வரியைத் தேட வேண்டாம்.

பொட்டி அடக்கி வாசித்தாலும் விளம்பரம் அடங்காது. ஃபுளோரிடாவைச் சேர்ந்த டீமி என்ற தேநீர் நிறுவனத்தின் கதை இதற்கு நல்ல உதாரணம். ‘30 நாள் டீடாக்ஸ் பேக்’ என்ற பெயரில் விற்ற அந்த நிறுவனம், எடை குறையும் என்பதோடு நிற்கவில்லை. புற்றுநோயை எதிர்க்கும், அடைத்த ரத்தக் குழாயைத் திறக்கும், ஒற்றைத் தலைவலியைக் குறைக்கும் என்றெல்லாம் சொல்லியிருந்தது. காசு வாங்கிக்கொண்டு இன்ஸ்டாகிராமில் புகழ்ந்தவர்கள், அது விளம்பரம் என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் அமெரிக்க வர்த்தக ஆணையம் அதன்மேல் நடவடிக்கை எடுத்தது. ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் தீர்ப்பு; நிறுவனத்தால் கட்ட முடியாததால் பத்து லட்சம் டாலரோடு விடப்பட்டது. பாடகி கார்டி பி உட்படப் பத்துப் பிரபலங்களுக்கு எச்சரிக்கைக் கடிதமும் போனது. அதற்கு மூன்றாண்டு முன்பு, 2017-இல், பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் ஒரு தொலைக்காட்சி நட்சத்திரம் போட்ட ‘ஃபிளாட் டம்மி டீ’ விளம்பரத்தைத் தடுத்தது.

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் ஆச்சரியப்படும் அளவுக்குக் கறார். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தில், எந்தெந்த நோயைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று ஒரு அட்டவணை இருக்கிறது. உடற்பருமன் அதில் ஒன்று. அதனால்தான் நம்மூர்ப் பொட்டிகளில் ‘பருமனைக் குணமாக்கும்’ என்று இருக்காது. ‘உடல் எடை மேலாண்மைக்குத் துணைபுரியும்’, ‘மெட்டபாலிசத்துக்கு ஊக்கம்’ என்று வழுக்கிக்கொண்டு போகும். இப்படி வழுக்கும் வாக்கியத்தில் அளவும் காலமும் இருக்காது. எத்தனை கிலோ, எத்தனை நாளில் என்று எழுதினால் யாராவது நிரூபிக்கச் சொல்லிவிடுவார்கள். ‘டீடாக்ஸ்’ என்ற சொல்லும் அதே ரகம். எந்த நஞ்சு, எவ்வளவு போயிற்று என்று இதுவரை எந்தப் பொட்டியும் பெயர் சொல்லவில்லை.

பொட்டியில் எந்த வகை உரிமம் இருக்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருந்தால் அது உணவு. ஆயுர்வேத, சித்த மருந்து உற்பத்தி உரிம எண் இருந்தால் அது மருந்து. சித்தத்தில் நிலவாகைச் சூரணம் மலச்சிக்கலுக்கு முறையாகக் கொடுக்கப்படும் மருந்துதான். அதை மருந்தென்று சொல்லி, அளவு சொல்லிக் கொடுக்கிறார்கள். அதே இலை தேநீர் வேடம் போடும்போதுதான் சிக்கல்.

இதுவரை சொன்னதெல்லாம் பொட்டியில் உண்மை அச்சிடப்பட்டிருந்தால் உதவும். அச்சிடாமலே கலக்கும் ரகமும் உண்டு. பசியை அடக்கும் சிபுட்ரமின் என்ற மருந்து, மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுகிறது என்று 2010-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. மறு ஆண்டு இந்தியாவும் தடை செய்தது. மருந்துக் கடையை விட்டுப் போன சிபுட்ரமின், ‘நூறு சதவீதம் இயற்கை’ என்ற ஸ்லிம்மிங் டீ, காபி, மாத்திரைகளுக்குள் ஒளிந்து திரும்பி வந்தது. அமெரிக்க நிர்வாகத்தின் எச்சரிக்கைப் பட்டியலில் அதோடு அடிக்கடி சேர்ந்து வரும் இன்னொரு பெயர் ஃபீனால்ஃப்தலீன். பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தில் சொட்டுவிட்டால் இளஞ்சிவப்பாகுமே, அதேதான். ஒரு காலத்தில் அது பேதி மருந்தாகப் புழங்கியது. புற்றுநோய் அச்சத்தால் கைவிடப்பட்டது. இப்படி மறைத்துக் கலந்ததை எந்தக் கண்ணாடி போட்டுப் படித்தாலும் கண்டுபிடிக்க முடியாது, ஆய்வகம்தான் வழி. ஆனால் உடம்பு சில தடயம் தரும். சென்னா என்றால் ஆறேழு மணி நேரம் கழித்து வயிறு முறுக்கும். சிபுட்ரமின் என்றால் வாய் உலர்ந்து, நெஞ்சு படபடத்து, பசியும் தூக்கமும் போய்விடும். வெறும் புதினா இஞ்சிக்கு இவை எதுவும் வராது.

இதே தடயத்தை வைத்துக்கொண்டு பக்கத்து அலமாரிக்குப் போகலாம். அங்கேதான் கொலாஜன் பவுடர் இருக்கிறது.

கொலாஜன் என்பது தோலுக்கும் எலும்புக்கும் மூட்டுக்கும் கட்டுமானம் தரும் புரதம். மீன் தோல், மாட்டுத் தோல், பன்றித் தோல் இவற்றிலிருந்து எடுத்து, நொதியால் சிறு துண்டுகளாக்கிப் பொடி செய்கிறார்கள். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சின்ன நிறக்குறி. உண்மையான கொலாஜன் என்றால் அசைவத்துக்கான பழுப்பு முக்கோணம் இருக்க வேண்டும். பச்சைப் புள்ளி போட்டு ‘வீகன் கொலாஜன்’ என்று விற்கும் டப்பாவில் பெரும்பாலும் வைட்டமின் சி-யும், பயோட்டினும், சில அமினோ அமிலமும், பழச்சாறும்தான். ‘கொலாஜன் பில்டர்’ என்ற இரண்டாவது சொல் அந்த இடைவெளியை மூடுகிறது. சைவர்கள் ஏமாறாமல் இருக்கவும், மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் தப்பிக்கவும் இந்தக் குறி ஒன்றே போதும்.

அடுத்து, ‘சருமத்தின் கொலாஜன் உருவாக்கத்துக்கு உதவுகிறது’ என்ற வாக்கியம். ஐரோப்பியத் தயாரிப்புகளில் இதைப் படிக்கும்போது ஒரு நட்சத்திரக்குறியைத் தேடுங்கள். கொலாஜன் பொடி சருமத்தை மேம்படுத்தும் என்று சொல்லிக்கொள்ள ஒரு தயாரிப்பு அனுமதி கேட்டபோது, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2013-இல் ஆதாரம் போதாது என்று சொல்லிவிட்டது. ஆனால் வைட்டமின் சி கொலாஜன் உருவாக உதவுகிறது என்ற கூற்றுக்கு அங்கே அனுமதி உண்டு. அது பாடப்புத்தக உண்மை. கம்பெனிகள் என்ன செய்கின்றன? பொடியில் கொஞ்சம் வைட்டமின் சி சேர்த்துவிட்டு, அனுமதி பெற்ற அந்த வாக்கியத்தைக் கொலாஜன் என்ற பெரிய எழுத்துக்குக் கீழே அச்சிடுகின்றன. நட்சத்திரக்குறி கடைசி வரியில் ‘வைட்டமின் சி காரணமாக’ என்று கிசுகிசுக்கும். அந்தக் கூற்றுக்குத் தேவைப்படும் வைட்டமின் சி சுமார் 12 மில்லிகிராம். கால் கொய்யாப் பழத்திலேயே அதைவிட அதிகம் இருக்கும்.

கொலாஜனுக்கு ஒன்றுமே இல்லையா என்றால், அப்படியும் தள்ளிவிட முடியாது. தோலின் ஈரப்பதமும் நெகிழ்வும் ஓரளவு கூடியதாகச் சொல்லும் ஆய்வுகள் பல உண்டு. 2025-இல் 23 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் இன்னொன்றைக் கவனித்தார்கள்: கம்பெனிகள் பணம் கொடுத்த ஆய்வுகளில் பலன் தெரிந்தது, அவர்களிடம் பணம் வாங்காத ஆய்வுகளில் தெரியவில்லை. நம்பி வாங்குபவர்களும் அளவைப் பார்ப்பது நல்லது. பலன் சொன்ன ஆய்வுகளில் கொடுத்தது தினமும் ஏறக்குறைய இரண்டரை முதல் பத்து கிராம். ‘பியூட்டி பிளெண்ட் 500 மில்லிகிராம்’ என்று ஏழெட்டுப் பொருளை ஒரே அடைப்புக்குள் போட்ட பாக்கெட்டில் கொலாஜன் முழுதாகவே அரை கிராம் இருக்க வாய்ப்பில்லை. ஒரு நாள் அளவு எத்தனை கிராம் கொலாஜன் என்று தனியாக எழுதாத டப்பாவை அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

இரண்டு அலமாரியும் ஒன்றாகும் இடம் ‘ஸ்லிம் கொலாஜன்’, ‘கொலாஜன் டீடாக்ஸ்’ என்ற பாக்கெட்டுகள். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து ஆன்லைனில் வருபவை நிறைய. புரதப் பொடிக்கு வயிற்றைக் கலக்கும் குணம் கிடையாது. நார்ச்சத்துக்காக இசப்கோல் சேர்த்திருந்தால் மலம் பருத்து எளிதாகப் போகும், முறுக்கி வலிக்காது. ஒரு கொலாஜன் பாக்கெட்டைக் குடித்து மறுநாள் காலை வயிறு பிடித்துத் தண்ணீராகப் போனால், பட்டியலில் மேலே சொன்ன பெயர்களைத் தேட வேண்டும். பெயர் இல்லையென்றால் சந்தேகம் இன்னும் கூடத்தான் வேண்டும். மிச்சப் பாக்கெட்டை எறியாமல் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுத்தால் சோதனைக்குப் போக வழி உண்டு. மருந்துப் பக்கவிளைவுகளைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது.

ஏற்கெனவே சில மாதம் குடித்துப் பழகியவர்களுக்கு ஒரு சங்கதி தெரிந்திருக்க வேண்டும். நிறுத்திய முதல் ஓரிரு வாரம் மலம் இறங்காது. உடல் இழந்த தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முகமும் காலும் லேசாக உப்பும். எடை மெஷின் ஒன்றிரண்டு கிலோ ஏற்றிக் காட்டும். ‘பார்த்தியா, டீயை விட்டதும் வெயிட் போட்டுடுச்சு’ என்று பெரும்பாலானவர்கள் மறுபடி பொட்டியைத் திறப்பது இந்த இரண்டு வாரத்தில்தான். ஏறியது கொழுப்பல்ல, தண்ணீர். தண்ணீரும் கீரையும் பழமும், தேவைப்பட்டால் இசப்கோலும் எடுத்துக்கொண்டு இந்த நாள்களைக் கடந்துவிட்டால் குடல் தன் வழக்கத்துக்குத் திரும்பும். களைப்போ படபடப்போ கால் பிடிப்போ இருந்தால், மருத்துவரிடம் டீயின் பெயரைச் சொல்லி, பொட்டாசியம் அளவைப் பார்க்கும் சாதாரண ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். போகும்போது பொட்டியையும் கையோடு எடுத்துப் போவது உத்தமம். அதன் பின்பக்கத்தை மருத்துவரும் படிக்கட்டும்.